பெண்களுக்கு ஒதுக்கிய தொகுதிகள்: வேண்டுமா, வேண்டாமா?

(செஞ்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ஒரு கேள்வி. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கென்று தொகுதிகளை ஒதுக்குவது சரியா? சுருக்கமாக விடை சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒதுக்க வேண்டும். எதிர்த்துச் சொல்லப்படும் வாதங்களில் இரண்டு உண்மையிலேயே கனமானவை. ஒன்று, ஒதுக்கிய தொகுதி சுழன்றுகொண்டே இருப்பதால் வரும் கேடு. மற்றொன்று, எந்தப் பெண்களுக்கு அந்த இடம் போய்ச் சேரும் என்ற கேள்வி. இவ்விரண்டும் ஒதுக்கீட்டைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அதை எப்படி அமைக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லும் காரணங்கள். விடை இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது, இந்த விடைக்கு எப்படி வந்தேன் என்பது.

கதவு எங்கே இருக்கிறது?

இந்தச் செஞ்சிக் கோட்டையின் வரலாற்றில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவர் தேசிங்குராஜனின் மனைவி. 1714இல் கணவன் போரில் இறந்ததும் உடன்கட்டை ஏறினார். அவரை நம் ஊர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. மற்றவர் தாராபாய். 1690களில் மராட்டிய அரசர் இராஜாராம் செஞ்சியில் இருந்து ஆண்டபோது அவருடைய மனைவியாக இங்கே வாழ்ந்தவர். 1696இல் அவருக்கு இங்கே ஒரு மகன் பிறந்தான். 1700இல் இராஜாராம் இறந்தபின், அந்தச் சிறுவனின் பெயரால் தாராபாயே ஆட்சியை ஏற்று, ஔரங்கசீப்பின் படைகளை ஏழு ஆண்டுகள் எதிர்த்து நின்றார். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே மராட்டியரின் படைத்தளங்களில் ஒன்றாகத்தான். ஆனாலும் தாராபாயின் பெயர் நம் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை.

திறமையுள்ள பெண் தானாக மேலே வருவாள், ஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு தாராபாய் நல்ல எடுத்துக்காட்டாகத் தோன்றலாம். ஆனால் அவருக்குக் கதவு எப்படித் திறந்தது என்று பார்க்க வேண்டும். கணவன் அரசன், கணவன் இறந்தான், மகன் சிறுவன். இந்த மூன்றும் கூடி வந்ததால் அவருடைய திறமை வெளிப்பட வழி கிடைத்தது. அதே திறமையோடு ஒரு சாதாரண வீரனின் மனைவி இந்த மலையடிவாரத்தில் இருந்திருந்தால் அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. பெண்களிடம் திறமை எக்காலத்திலும் இருந்தது. அவர்கள் உள்ளே வருவதற்குக் குடும்பம் என்ற ஒரு வாசல்தான் இருந்தது. தெற்காசியாவின் பெரிய பெண் தலைவர்கள் பலர் கணவரையோ தந்தையையோ அடியொற்றி வந்தவர்கள் என்பதை எண்ணிப்பார்த்தால், அந்த வாசல் இன்னும் முழுதாக மாறவில்லை என்பது புரியும்.

தேர்தல் அரசியலில் அந்த வாசல் எங்கே இருக்கிறது? வாக்குச்சாவடியில் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் கூடுதல். அந்தத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். ஆண் வாக்காளர்கள் பெண்களைத் தோற்கடித்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. பெரும்பாலான தொகுதிகளில் வெல்லும் நிலையிலிருந்த கட்சிகள் பெண்ணை நிறுத்தவே இல்லை. வேட்பாளர் பட்டியல் வெளியான அன்றே முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

நமக்குத் தெரிந்த ஆரணி மக்களவைத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது அது. 2009இல் முதல் தேர்தலில் காங்கிரசும், 2014இல் அ.தி.மு.க.வும், 2019இல் மீண்டும் காங்கிரசும், 2024இல் தி.மு.க.வும் வென்றன. நான்கு முறையும் வென்றவர் ஆண். தொகுதி எந்தக் கட்சிக்கு என்பது முதலில் கூட்டணிப் பங்கீட்டில் முடிவாகிறது. பிறகு விருப்ப மனு, நேர்காணல், மாவட்டச் செயலாளரின் கருத்து, தேர்தல் செலவைத் தாங்கும் வசதி, சாதிக் கணக்கு. இந்த ஒவ்வொரு படியிலும் 'வெற்றி வாய்ப்பு' என்ற ஒரு சொல் கேட்கும். இதற்கு முன் வென்றவர்களெல்லாம் ஆண்கள் என்பதால், வெற்றி வாய்ப்புள்ளவர் என்றால் ஆண் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு தடுக்க வேண்டியதில்லை. பழக்கமே தடுத்துவிடும்.

ஒதுக்கிய தொகுதி செய்வது ஒரே ஒரு வேலை. அது வாக்காளருக்குக் கட்டளையிடுவதற்கு முன்பே கட்சிக்குக் கட்டளையிடுகிறது. ஆணா பெண்ணா என்ற கேள்வியை நேர்காணல் அறையிலிருந்து எடுத்துவிடுகிறது. எந்தப் பெண் என்ற கேள்வி மட்டும் அங்கே மிஞ்சுகிறது. என் பார்வையில் ஒதுக்கீட்டுக்கு ஆதரவான முதன்மையான வாதம் இதுதான்.

1926: ஒரு தோல்வி, ஒரு நியமனம்

இதைச் சென்னை மாகாணத்தின் ஒரே ஆண்டு நிகழ்வில் தெளிவாகக் காணலாம். 1921இலேயே, வேறெந்த மாகாணத்துக்கும் முன்பாக, சென்னையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சொத்துத் தகுதி உடையவர்களுக்கு மட்டும்தான் என்றாலும் அது பெரிய தொடக்கம். தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல் வந்தது. அந்த ஆண்டு கமலாதேவி சட்டோபாத்யாய சென்னைச் சட்டமேலவைக்கு மங்களூர்ப் பக்கத்தில் போட்டியிட்டு, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நாட்டில் சட்டமன்றத் தேர்தலில் நின்ற முதல் பெண்களில் அவர் ஒருவர்.

அதே அவைக்குள் முதல் பெண்ணாக நுழைந்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் தேர்தலில் வென்று வரவில்லை. நியமன உறுப்பினராக வந்தார். வந்த உடனேயே உறுப்பினர்கள் அவரை அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அவர் செய்ததை நாடறியும். தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தை 1927இல் கொண்டுவந்தார். கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலத்தை அந்த ஊழியத்திலிருந்து விடுவித்து, அப்பெண்களுக்கே உரியதாக்கும் சட்டத் திருத்தம் 1929இல் நிறைவேறியது. நிலம் போய்விடும் என்ற அச்சத்தாலேயே அந்தக் குடும்பங்கள் பெண்களைப் பொட்டுக்கட்டிக் கொண்டிருந்தன என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த முடிச்சை முதலில் அவிழ்த்தார். முழுத் தடை 1947இல்தான் வந்தது. அவர் வருவதற்கு முன்பும் அந்த அவையில் எத்தனையோ சீர்திருத்தவாதி ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். முதல் பெண் வந்தபிறகே அந்தக் கேள்வி உயிரோடு அவை முன் வந்தது.

வாக்கைத் தேடிப் போனவர் தோற்றார். இருக்கை கொடுக்கப்பட்டவர் வரலாறு படைத்தார். கொடுக்கப்பட்ட இருக்கை தகுதியற்றவர்களுக்கானது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வு போதுமான மறுமொழி.

வேண்டாம் என்று பெண்களே சொன்ன காலம்

எதிர் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். அதை மிக உயர்ந்த நிலையில் சொன்னவர்கள் பெண்கள்தாம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரண்டு பெண்களில் ஒருவர் நம் சேலம் பகுதியைச் சேர்ந்த இராதாபாய் சுப்பராயன். மற்றவர் பேகம் ஷா நவாஸ். சில தேர்தல்களுக்காவது பெண்களுக்கு இடம் ஒதுக்குங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே பெரிய மகளிர் அமைப்புகள் ஒன்றுகூடி, எங்களுக்கு வயது வந்தோர் வாக்குரிமை போதும், தனி இடம் வேண்டாம் என்று கூட்டறிக்கை கொடுத்தன. சரோஜினி நாயுடு அந்த நிலைப்பாட்டோடு இரண்டாம் மாநாட்டுக்குப் போனார்.

அவர்கள் ஏன் மறுத்தார்கள்? அன்று இடஒதுக்கீடு என்பது மதவாரித் தொகுதிகளோடு பின்னிக் கிடந்தது. அரசு பெண்களையும் மதம் மதமாகப் பிரிக்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்க்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் 6 பொது, 1 முஸ்லிம், 1 இந்தியக் கிறித்தவர். விடுதலைப் போராட்டத்தின் நடுவே ஒற்றுமையைக் காக்க நினைத்த தலைமுறை, சலுகை வேண்டாம், சம உரிமை போதும் என்று சொன்னது. அரசியல் நிர்ணய சபையிலும் அன்சா மேத்தா, ரேணுகா ரே ஆகியோர் அதே குரலில் பேசினார்கள். அதனால் 1950இல் வந்த அரசமைப்பில் பெண்களுக்கு ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை.

அந்த நம்பிக்கை மேன்மையானது. சம வாக்குரிமை இருந்தால் சம இடம் தானே வரும் என்பது அதன் உட்பொருள். கால் நூற்றாண்டு கழித்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு 1974இல் அறிக்கை தந்தது. சட்டமன்றங்களில் ஒதுக்கீடு வேண்டாம் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் மீண்டும் சொன்னார்கள். ஆனால் குழுவின் உறுப்பினர் செயலர் வீணா மஜும்தாரும் சட்ட அறிஞர் லொத்திகா சர்க்காரும் மாற்றுக் குறிப்பு எழுதி இணைத்தார்கள். சமத்துவம் தானாக வரும் என்று நம்பி வளர்ந்த அதே தலைமுறைப் பெண்கள், ஊர் ஊராகச் சென்று சேகரித்த விவரங்களைப் பார்த்தபிறகு ஒதுக்கீடு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற பெண்கள் 543இல் 74 பேர். முதல் பொதுத் தேர்தல் நடந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் ஏழில் ஒருவர்கூட இல்லை. தானாக வரும் என்ற வாதத்துக்கு நாம் போதிய காலம் கொடுத்துவிட்டோம்.

கட்சியே சீட்டு கொடுத்தால் போதாதா?

தொகுதியை ஒதுக்காமல், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களை நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வாக்காளரின் தேர்வுரிமை அதில் குறைவதில்லை. எந்தத் தொகுதியும் யாருக்கும் மூடப்படுவதில்லை.

இதற்கான சோதனையும் நம் கண் முன்னே நடந்திருக்கிறது. 2021 தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 ஆண்களையும் 117 பெண்களையும் நிறுத்தியது. தமிழ்நாட்டு அரசியலில் அது புதிய செயல், பாராட்டத்தக்கது. அக்கட்சி எந்தத் தொகுதியிலும் வெல்லவில்லை என்பதால் அவையில் பெண்களின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. ஒடிசாவில் 2019 மக்களவைத் தேர்தலில் அங்கு ஆட்சியிலிருந்த பிஜு ஜனதா தளம் 21 தொகுதிகளில் 7 இடங்களைப் பெண்களுக்குத் தந்தது. அந்த 7 பேரில் 5 பேர் வென்றார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெல்லும் கட்சி வெல்லும் தொகுதியைத் தந்தால் பெண்கள் வெல்கிறார்கள். அதைத் தருவதா இல்லையா என்பது தலைமையின் மனநிலையைப் பொறுத்தது. தமிழ்நாட்டிலேயே 1991இல் பெண் உறுப்பினர்களின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. முப்பது ஆண்டுகள் கழித்து அது 12 ஆகச் சுருங்கியது. தலைமை கொடுத்ததைத் தலைமையே எடுத்துக்கொள்ளலாம்.

கட்சிகளுக்கு மட்டும் கட்டளையிடும் சட்டம் வந்தால், தோற்கும் தொகுதிகளாகப் பொறுக்கிப் பெண்களுக்குத் தருவது மிக எளிது. பிரான்சில் 2000இல் சமநிலைச் சட்டம் வந்தபிறகும் பெரிய கட்சிகள் அபராதத்தைக் கட்டிவிட்டு ஆண்களை நிறுத்திய அனுபவம் இருக்கிறது. ஆகவே இது துணை வழியாக இருக்கலாம். ஒதுக்கிய தொகுதிக்கு மாற்றாக முடியாது.

கணவர் ஆளுகிறார் என்ற குற்றச்சாட்டு

இந்தக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவிகள் இருக்கிறார்கள். 'தலைவர் வீட்டுக்காரர்' என்ற பதவி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் இருக்கிறது. கையெழுத்து மனைவியுடையது, முடிவு கணவருடையது என்ற குறை உண்மை. அதை மறைப்பதால் பயனில்லை.

ஆனால் அது முதல் தவணையின் குறை. மேற்கு வங்கத்தின் வீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டங்களில் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது ஏறக்குறையக் குலுக்கல் போலவே முடிவானதால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர் உள்ள ஊர்களில், பெண்கள் அடிக்கடி முறையிட்ட குடிநீர் போன்ற பணிகளுக்குக் கூடுதலாகப் பணம் போயிருந்தது. எல்லாக் கையெழுத்தும் கணவருடைய முடிவுதான் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. குடிநீருக்காக நின்ற பெண் பிரதிநிதி என்றதும் மதுரை வில்லாபுரத்தின் மாமன்ற உறுப்பினர் லீலாவதியை நாம் மறக்க முடியாது. 1997இல் அவர் வெட்டிக் கொல்லப்பட்டதே தன் வார்டு மக்களின் தண்ணீருக்காகப் போராடியதால்தான். யாருடைய கைப்பாவையையும் யாரும் கொல்வதில்லை.

சட்டமன்றம் ஊராட்சியைப் போன்றதும் அல்ல. கணவர் அவைக்குள் நுழைய முடியாது. குழுக் கூட்டத்தில் மனைவிக்குப் பதிலாக உட்கார முடியாது. அங்கே வேறொரு கட்டுப்பாடு காத்திருக்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். எனவே வாக்கெடுப்பில் ஆணும் பெண்ணும் கட்சி சொன்னபடிதான் கை தூக்குவார்கள். பெண்கள் வந்த மறுநாளே சட்டங்கள் மாறிவிடும் என்று நாம் எதிர்பார்த்தால் ஏமாறுவோம். மாற்றம் வரக்கூடிய இடங்கள் வேறு: எழுப்பும் கேள்விகள், குழுக்களில் நடக்கும் விசாரணை, தொகுதி மேம்பாட்டு நிதி எந்தப் பணிக்குப் போகிறது என்பது. ஒதுக்கீட்டின் பயனை அங்கேதான் தேட வேண்டும்.

சுழற்சி: கனமான எதிர்வாதம்

இப்போது நான் மிகவும் மதிக்கும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். 1996இல் வந்த முதல் மசோதாவும், 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதாவும், பொதுத் தேர்தலுக்குப் பொதுத் தேர்தல் ஒதுக்கிய தொகுதிகள் மாறும் என்றன. ஆரணியில் வைத்து அதைக் கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டின் இப்போதைய 39 தொகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு 13. முதல் தேர்தலில் ஆரணி அந்த 13இல் ஒன்று என்று கொள்வோம். அறிமுகமில்லாத ஒரு பெண் வென்று, ஐந்து ஆண்டுகள் ஆறு தொகுதிகளிலும் சுற்றி ஊர்களை அறிந்துகொள்கிறார். அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு பக்கத்துத் தொகுதிக்குப் போய்விடுகிறது. ஆரணி பொதுத் தொகுதியாகிறது. மாவட்டச் செயலாளர் 'இது இனிப் பெண் தொகுதி இல்லையே' என்கிறார். அவருக்குச் சீட்டு இல்லை.

இதனால் இரண்டு இழப்புகள். அந்தப் பெண் சேர்த்த அனுபவம் வீணாகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, மீண்டும் இங்கே நிற்கப்போவதில்லை என்று தெரிந்த உறுப்பினர் மக்களுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? அடுத்த முறை தன் தொகுதி ஒதுக்கப்படலாம் என்று நினைக்கும் ஆண் உறுப்பினருக்கும் இதே மனநிலைதான். மீண்டும் வாக்கு கேட்டு வர வேண்டுமே என்ற அச்சம்தான் மக்களாட்சியின் கடிவாளம். சுழற்சி அதைத் தளர்த்துகிறது.

2023 செப்டம்பரில் நிறைவேறிய 106ஆவது அரசமைப்புத் திருத்தம் இதை மாற்றியது. மக்களவையில் 454 பேர் ஆதரிக்க, இருவர் மட்டும் எதிர்த்தார்கள். அதன் வாசகப்படி, ஒதுக்கிய தொகுதிகள் ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் மாறும். ஒவ்வொரு தேர்தலிலும் மாறுவதைவிட இது மேல். ஆனால் மறுவரையறை எப்போது நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தொகுதிகளின் எண்ணிக்கை 1970களிலிருந்து உறைந்து கிடப்பதே அதற்குச் சான்று. ஒதுக்கீடு தொடங்குவதையும் அந்தச் சட்டம் கணக்கெடுப்போடும் மறுவரையறையோடும் கட்டியது. தென் மாநிலங்கள் அஞ்சும் ஒன்றோடு பெண்களின் உரிமையைக் கட்டியது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். இரண்டும் தனித்தனியாக விவாதிக்க வேண்டியவை.

சரியான கால அளவு எது? நம் தமிழ்நாட்டு ஊராட்சிகளே ஒரு வழி காட்டுகின்றன. ஒருமுறை பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களுக்குப் பெண்ணுக்கே இருந்து, பிறகே மாறும் முறை இங்கே உண்டு. இரண்டு தவணை என்பதன் அருமையை மேற்கு வங்கத்தில் நடந்த பின்னாளைய ஆய்வு காட்டியது. முதல்முறை பெண் தலைவரைக் கண்ட ஊரில், அவர் நன்றாகச் செய்தபோதும் மக்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டாம் முறை அந்தக் குறை மதிப்பீடு மறைந்தது. தொடர்ந்து இரண்டு தவணை ஒதுக்கப்பட்டிருந்த இடங்களில், பிறகு பொது இடமாக மாறியபோதும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், கூடுதலாக வென்றார்கள். பத்து ஆண்டுகள் என்பது ஓர் உறுப்பினர் தன் வேலைக்கு மீண்டும் மக்களிடம் தீர்ப்புக் கேட்க ஒரு வாய்ப்பையும் தருகிறது. ஆகவே சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இரண்டு தேர்தல் என்ற சுழற்சியையே நான் பரிந்துரைப்பேன்.

எந்தப் பெண்?

2023இல் எதிர்த்து வாக்களித்த இருவர் கேட்டது இந்தக் கேள்வி: பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் உள்ஒதுக்கீடு எங்கே? பட்டியல் சாதி, பழங்குடித் தொகுதிகளுக்குள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு இல்லை. தமிழ்நாட்டில் பொதுத் தொகுதிகளில் பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரே வெல்வதால் இந்த அச்சம் வடக்கைவிடக் குறைவு. ஆனால் இங்கே வேறோர் அபாயம் உண்டு. தொகுதி பெண்ணுக்கு என்றானதும், அங்கே இருந்த உறுப்பினரின் மனைவி, மகள், மருமகள் என்று சீட்டு வீட்டுக்குள்ளேயே சுற்றும். தாராபாய்க்குத் திறந்த அதே குடும்ப வாசல் மீண்டும் ஒருமுறை திறக்கும்.

இருக்கை கிடைத்தாலும் மதிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. 2020இல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையிலிருந்து வந்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர், பட்டியல் சாதிப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒதுக்கீடு அவரை அந்த அறைக்குள் கொண்டுவந்தது. நாற்காலியைத் தர அதனால் முடியவில்லை. ஆனால் அவர் தலைவராக இருந்ததால்தான் அது வழக்காயிற்று, அதிகாரிகள் ஓடிவந்தார்கள், நாடு வெட்கப்பட்டது. அவர் தலைவராக இல்லாமல் அதே தரையில் உட்கார்ந்திருந்தால் யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பெண் என்பதற்கு விடை இந்த மன்றத்திலேயே அமர்ந்திருக்கிறது. 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் வார்டு முதல் மாவட்ட ஊராட்சி வரை வந்த பெண்கள், வரவு செலவு, ஒப்பந்தப்புள்ளி, நூறு நாள் வேலை, குடிநீர்த் தொட்டி என்று நிர்வாகத்தைக் கையால் தொட்டுப் பழகியவர்கள். தகுதியான பெண் இல்லை என்று சொல்லும் கட்சி, ஒன்றிய அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும்.

எதை வைத்து மதிப்பிடுவது?

2023ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஆண்டுகள் என்று எல்லை வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான தொகுதி ஒதுக்கீடு 10 ஆண்டு என்று தொடங்கி, தேவை தீராததால் இன்று 2030 வரை நீண்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. முடிக்கும் நேரம் வந்ததா என்று அறிய ஓர் அளவுகோலும் வேண்டும்.

நான் தரும் அளவுகோல் எளிது. ஒதுக்கிய 13 தொகுதிகளைப் பார்க்காதீர்கள். அங்கே பெண் வெல்வது சட்டத்தின் வேலை. ஒதுக்காத 26 தொகுதிகளைப் பாருங்கள். அங்கே எத்தனை பெண்கள் நிறுத்தப்பட்டார்கள், எத்தனை பேர் வென்றார்கள்? மும்பை மாநகராட்சியில் 1997இல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகள் 2002இல் பொதுவானபோது, மற்ற வார்டுகளைவிட அங்கே பெண் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது என்று ரிகில் பாவ்நானி கண்டறிந்தார். பூட்டு திறந்தபிறகும் மக்கள் அந்தக் கதவைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இது சான்று. 26இல் பெண்களின் எண்ணிக்கை ஏறினால் ஒதுக்கீடு வேலை செய்கிறது. ஏறாமல் 13 மட்டுமே நிற்குமானால், கட்சிகள் 13ஐப் பெண்களுக்கு விட்டுவிட்டு 26ஐ ஆண்களுக்கு ஒதுக்கிக்கொண்டன என்று பொருள். அப்போது சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஆகவே என் குறுவிடையை முழுமையாக்கிச் சொல்கிறேன். ஒதுக்கீடு வேண்டும், ஏனென்றால் தடை வாக்குச்சாவடியில் இல்லை, சீட்டு கொடுக்கும் அறையில் இருக்கிறது. ஒரு தொகுதி இரண்டு தேர்தல்களுக்காவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தவணையில் உறுப்பினரும் தேறுவதில்லை, வாக்காளரின் கண்ணும் பழகுவதில்லை. பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பெண்களின் பங்கு கணக்கில் வர வேண்டும். வாக்காளரின் தேர்வு ஓரளவு சுருங்குகிறது என்பது உண்மையான விலை. அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு.

இந்த மண்டபத்தில் எல்லாக் கட்சிகளின் நிர்வாகிகளும் இருக்கிறீர்கள். ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் நாளில் அவசர அவசரமாக வீட்டிலிருந்து ஒருவரைத் தேடாதீர்கள். உங்கள் ஒன்றியச் செயலாளர், நகரச் செயலாளர் பொறுப்புகளில் மூன்றில் ஒன்றை இந்த ஆண்டே பெண்களுக்குக் கொடுங்கள். ஊராட்சியில் பத்தாண்டு உழைத்தவர்களின் பெயர்களை வேட்பாளர் நேர்காணலுக்கு நீங்களே அனுப்புங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. உங்கள் கையெழுத்தே போதும்.